பதில் வராத வரிகள்: மதுரையில் கணக்கு வேலை தேடும் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

பி.காம் முடித்து, டேலி சான்றிதழும் கையில் வைத்துக்கொண்டு, மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்து மதுரையில் கணக்கு வேலை தேடுகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாதி நேரம் போட்டித் தேர்வுக்குப் போகிறது, மீதி நேரம் செல்போனில் விண்ணப்பம் அனுப்புவதில் போகிறது. அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் பேச வருகிறேன்.

கப்பலூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நீண்ட காலம் இருந்தேன். ஆள் எடுக்கும்போது வந்து குவிகிற விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கும் வேலை என்னிடம்தான் வரும். இப்போது சில பிள்ளைகளுடன் உட்கார்ந்து அவர்கள் அனுப்பியவற்றைப் பார்க்கிறேன். எங்கெங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் சொல்வது ஒரே பதில்: "நிறைய அனுப்பிட்டேன் சார், ஒண்ணும் வரலை." எந்தக் கடிதம், யாருக்கு, எந்த வழியில், என்றைக்கு என்று கேட்டால் பதில் இல்லை. அது தெரியாதவரை, கோளாறு கடிதத்திலா, அனுப்பிய இடத்திலா, அனுப்பிய நாளிலா என்று எவராலும் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன ஷீட் போதும். உங்கள் போனில் இருக்கிற கூகுள் ஷீட்ஸே போதும்.

ஒன்பது நெடுவரிசைகள் வையுங்கள். A-வில் அனுப்பிய தேதி, B-யில் நிறுவனம், C-யில் என்ன வேலை, D-யில் எந்த வழி, E-யில் எந்தக் கடிதம், F-இல் பதில் வந்த தேதி, G-யில் நேர்காணல் தேதி, H-இல் முடிவு, I-யில் குறிப்பு. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு வரி. நேரில் போய்க் கொடுத்த காகிதத்துக்கும் ஒரு வரி உண்டு, வாக்-இன் போய் வந்ததற்கும் உண்டு.

பலர் 'நிலை' என்று ஒரே ஒரு நெடுவரிசை வைத்து, 'அனுப்பியது' என்று எழுதி, அதை அழித்து 'நேர்காணல்' என்று எழுதி, அதையும் அழித்து 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது 'இல்லை' மட்டும்தான். கடிதத்தைப் பார்த்தவுடனே ஒதுக்கியவர்களும், கூப்பிட்டு அரை மணி நேரம் பேசிவிட்டு வேண்டாம் என்றவர்களும் அந்த ஒரே சொல்லுக்குள் கலந்துபோகிறார்கள். இந்த இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு வேறு. முதலாவதற்குக் கடிதத்தையோ வழியையோ மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு நேர்காணலில் தடுக்கிய பாடத்தைப் படிக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக ஒரு தேதி வைக்கச் சொல்கிறேன். ஒருமுறை எழுதிய தேதியை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.

'பதில்' என்றால் எது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். வேலைவாய்ப்புத் தளம் தானாக அனுப்புகிற 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்ற செய்தி பதில் ஆகாது. ஒரு மனிதர் படித்துவிட்டு எழுதியதும், போனில் கூப்பிட்டதும்தான் பதில். 'இப்போது இடம் இல்லை' என்று ஒரு வரி வந்தாலும் அது பதில்தான், F-இல் தேதி போடுங்கள். யாரோ ஒருவர் திறந்து படித்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி.

வழி என்கிற நெடுவரிசையில் நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம். இணையத் தளம் மூலம் அனுப்பியது 'தளம்'. பத்திரிகையின் வரி விளம்பரம் பார்த்து அனுப்பியது 'விளம்பரம்'. அலுவலகத்துக்கே போய்க் கொடுத்ததும், அங்குள்ள ஒருவரின் பெயருக்கே மின்னஞ்சல் போட்டதும் 'நேரடி'. தெரிந்தவர் சொல்லி அனுப்பியது 'அறிமுகம்'. கடைசி இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அறிமுகத்தில் வருகிற பதில் பெரும்பாலும் சொன்னவருக்கான மரியாதை, கடிதத்துக்கான மதிப்பெண் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தச் சொற்களைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். கணினியில் ஷீட்டைத் திறந்து, `Insert` என்பதில் `Dropdown` தேர்ந்து, நான்கு சொற்களையும் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். பிறகு போனில் தொட்டுத் தேர்ந்தால் போதும். H-க்கும் இதே மாதிரி செய்துவிடுங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். 'மௌனம்' என்று H-இல் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் 'ௌ' குறியோடு அடிப்பீர்கள், இன்னொரு நாள் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் சேர்த்து 'மெளனம்' என்று அடிப்பீர்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஷீட்டுக்கோ அவை இரண்டு வேறு சொற்கள், எண்ணும்போது ஒன்றை விட்டுவிடும். கூட்டுத்தொகை எங்கே இடிக்கிறது என்று கண்ணால் தேடினால் கிடைக்காது.

தேதியிலும் இதே மாதிரி ஒரு கண்ணி இருக்கிறது. `File`, அதற்குள் `Settings`, அங்கே `Locale` என்பதை `India` என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் 3 என்று நினைத்து நீங்கள் 3/4 என்று அடித்தது மார்ச் 4 ஆகலாம். நம் ஊர் வழக்கப்படி புள்ளி வைத்து 3.4.25 என்று அடித்தால், பல நேரம் அதை ஷீட் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிப்பது எளிது: தேதியாக ஏற்றது கட்டத்தின் வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்தாக எடுத்தது இடது ஓரம் நிற்கும். இடது ஓரம் நிற்பதைக் கண்டால் சாய்கோடு போட்டுத் திருத்தி எழுதுங்கள்.

அடுத்தது கடிதம். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு எண் கொடுங்கள்: க1, க2. ஒருமுறை ஒருவருக்கு அனுப்பிவிட்ட க1-ஐ அதற்குப் பிறகு தொடாதீர்கள். ஒரு வரியை மாற்றினாலும் அதை வேறு பெயரில் சேமித்து அடுத்த எண் கொடுங்கள். போனில் க1, க2 என்று இரண்டு ஃபோல்டர் வைத்து, அனுப்பிய பிடிஎஃப்பை அதனதன் ஃபோல்டரில் போட்டுவிடலாம். எதிரில் இருப்பவருக்குப் போகிற கோப்பின் பெயரில் இந்த எண் வேண்டாம், உங்கள் பெயரும் வேலையின் பெயரும் இருந்தால் போதும். `final`, `final2`, `new final` என்று பெயர் வைத்த கோப்புகள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. அனுப்பியவருக்கே எதை அனுப்பினோம் என்று தெரியாத கோப்புகள் அவை.

எண்ணின் முதல் பயன் போன் வரும்போது தெரியும். கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிடுகிறவர் உங்கள் பயோடேட்டாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். நீங்களோ மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்பீர்கள். "ஜிஎஸ்டி பார்த்திருக்கேன்னு போட்டிருக்கீங்களே, எந்த ரிட்டர்ன்?" என்று கேட்டால், நீங்கள் எதைப் போட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதிர்பார்க்கும் சம்பளம் என்று ஒருவரிடம் 15,000 எழுதிவிட்டுப் போனில் 12,000 என்று சொன்னால், சொல்கிறவரின் மேல் நம்பிக்கை குறைகிறது. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதைத் தெரிந்து சொல்கிறேன். ஆகவே I நெடுவரிசையில், சொன்ன சம்பளத்தையும் எப்போது சேர முடியும் என்று சொன்னதையும் தவறாமல் எழுதுங்கள்.

இனி ஒரு ஷீட்டை முழுதாகப் படித்துக் காட்டுகிறேன். இதிலுள்ள எண்களை விளக்கத்துக்காக நானே அமைத்திருக்கிறேன், ஆனால் இதே வடிவத்தை உங்கள் ஷீட்டிலும் பார்ப்பீர்கள்.

திருமங்கலத்துத் தங்கை ஒருத்தி, பி.காம் முடித்தவள். கப்பலூர் சிட்கோ, கே.புதூர் தொழிற்பேட்டை, கீழமாசி வீதி மொத்த வியாபாரக் கடைகள், நகரத்து ஆடிட்டர் அலுவலகங்கள் என்று அனுப்பியிருக்கிறாள். அவளுடைய க1 எல்லோரும் எழுதுகிற கடிதம்: பி.காம் முடித்துள்ளேன், டேலி தெரியும், கடினமாக உழைப்பேன், வாய்ப்புத் தாருங்கள். க2-இல் முதல் வரியிலேயே செய்த வேலை இருக்கிறது: ஓர் அரிசி மண்டியில் மூன்று மாதம் விற்பனை பில்களை டேலியில் பதிந்து, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கான பட்டியலை ஆடிட்டருக்கு அனுப்பியிருக்கிறாள். அறிமுகத்தில் போனவற்றை ஒதுக்கிவிட்டால் மொத்தம் 32 வரிகள். க1 போனது 18 இடம், பதில் 1. க2 போனது 14 இடம், பதில் 4.

இதைப் பார்த்ததும் 'க2 தான் நல்ல கடிதம், க1-ஐத் தூக்கிப் போடலாம்' என்று தோன்றும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு கடிதங்களும் சரிசமம் என்றே வைத்துக்கொண்டு, ஐந்து பதில்களை 32 வரிகளின் மேல் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், அவற்றில் நான்கோ ஐந்தோ க2-இன் 14 வரிகளுக்குள் விழுவது ஏறக்குறைய பத்துக்கு ஒருமுறை நடக்கும். பத்துக்கு ஒருமுறை வெறும் தற்செயலாகவே நடக்கக்கூடியதை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாது.

இப்போது அதே 32 வரிகளை D நெடுவரிசையைக் கொண்டு பிரிக்கிறோம். அதற்கு D, E, F-க்கு வெளியே ஒரு கட்டத்தில் இதை எழுதினால் போதும்:

```
=COUNTIFS(D:D,"நேரடி",E:E,"க2",F:F,">0")
```

நேரடியாகப் போன க2-களில் எத்தனைக்குப் பதில் வந்தது என்று இது சொல்லும். சொற்களை மாற்றி நான்கு முறை எழுதி, F பகுதியை விட்டுவிட்டு அதே நான்கையும் இன்னொரு முறை எழுதினால் முழுப்படமும் கிடைக்கிறது. க1 தளம் வழியாக 15 இடம் போயிருக்கிறது, பதில் இல்லை. நேரடியாக 3 இடம், பதில் 1. க2 தளம் வழியாக 5 இடம், பதில் இல்லை. நேரடியாக 9 இடம், பதில் 4.

பாருங்கள். நேரடியாகப் போனபோது க1-க்கு மூன்றில் ஒன்று, க2-க்கு ஒன்பதில் நான்கு. இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. தளம் வழியாகப் போனபோது இரண்டுக்குமே ஒன்றும் இல்லை. க2 ஜெயித்ததுபோலத் தெரிந்ததற்குக் காரணம், அவள் க2 எழுதிய அதே சமயத்தில் தளத்தை விட்டு அலுவலகங்களுக்கு நேராகப் போகத் தொடங்கியதுதான். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்ததால் ஒன்றின் பலன் மற்றதன் கணக்கில் ஏறிவிட்டது. தளம் வழியாக 20-க்கு 0, நேரடியாக 12-க்கு 5. வழியில் வேறுபாடே இல்லாமல் ஐந்து பதிலும் அந்த 12-க்குள் விழ வேண்டுமானால், அது ஏறத்தாழ 250-க்கு ஒருமுறைதான் நடக்கும். கடிதத்தைப் பற்றிய சந்தேகத்தைவிட வழியைப் பற்றிய இந்தச் செய்தி மிகவும் உறுதியானது.

அதற்காகத் தளம் வீண் என்று சொல்ல வரவில்லை. தளத்தில் விளம்பரம் போடுகிறவர்களில் பலர் இரண்டு மூன்று வருட அனுபவம் கேட்பவர்கள், அவளுக்கு அது இல்லை. ஆகவே இந்த ஷீட் சொல்வது ஒன்றே ஒன்று: அனுபவம் இல்லாத இந்தத் தங்கைக்கு, இப்போது, மதுரையில், நேராகப் போய்க் கொடுக்கிற காகிதம்தான் நகர்கிறது. அடுத்த மாதம் தளத்துக்குச் செலவிடும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, காலையில் கப்பலூர் பஸ்ஸில் ஏறுவதுதான் அவள் செய்ய வேண்டியது. கடிதத்தைச் சோதிக்க வேண்டுமென்றால், இனி நேரடியாகப் போகிற இடங்களில் ஒன்றுக்கு க1, அடுத்ததற்கு க2 என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். நல்ல நிறுவனமாகத் தெரிகிறது, இதற்கு மட்டும் க2 என்று தேர்ந்து கொடுத்தால் சோதனை கெட்டுவிடும். எனக்கும் க2 தான் பிடிக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் என் பிடித்தம் அவள் ஷீட்டில் ஒரு வரி ஆகாது.

பதில் வராத வரிகளை என்ன செய்வது என்பதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. 12 நாள் கழித்து ஒருமுறை, ஒரே ஒருமுறை, கேளுங்கள். J2 கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்று அதுவே சொல்லும்:

```
=IF(AND(A2<>"",F2="",H2="",TODAY()-A2>=12),"கேள்","")
```

கேட்டுவிட்டால் I-யில் தேதியோடு 'கேட்டாயிற்று' என்று எழுதுங்கள். அனுப்பிய நாளிலிருந்து ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் இல்லையென்றால் H-இல் 'மௌனம்' என்று தேர்ந்துவிடுங்கள். அந்த வரி மூடிவிட்டது, J-வில் உள்ள 'கேள்' தானாக மறைந்துவிடும். பிறகு எப்போதாவது பதில் வந்தால் திறந்துகொள்ளலாம். கட்டத்தை வெறுமையாக விட்டால், இன்னும் காத்திருக்கிறோமா, விட்டுவிட்டோமா, எழுத மறந்தோமா என்று மூன்றில் எது என்றே பிறகு தெரியாது.

ஆனால் 12 நாள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணாதீர்கள். நீங்கள் தேடுவது கணக்கு வேலை, கணக்குப் பிரிவுக்கு என்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. மாதம் 7-ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த டிடிஎஸ் கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1. 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வந்துவிழும், அதைக் கொள்முதல் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டும். 14 முதல் 20 வரை கணக்கு மேலாளரிடம் யாரும் நின்று பேச முடியாது. அந்த நாட்களில் வந்த விண்ணப்பம் மின்னஞ்சலில் கீழே கீழே போய்விடும், நேரில் வந்த காகிதம் பில் கட்டுக்கு அடியில் போய்விடும். படித்துப் பிடிக்காமல் ஒதுக்குவது வேறு. இங்கே நடப்பது படிக்காமலே விட்டுப்போவது.

நான் பார்த்த அளவில் 22-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு வரைதான் மூச்சு விடுகிற நேரம். அப்போது போங்கள், அப்போது கேளுங்கள். ஆடிட்டர் அலுவலகமென்றால் வருடக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஜூலைக் கடைசியும் செப்டம்பர்க் கடைசியும் வருமான வரியும் வரித் தணிக்கையும் நெருக்குகிற காலம். செப்டம்பர் 25 அன்று போய் நின்றால் உள்ளே விடக்கூட ஆள் இருக்காது. அதே அலுவலகத்துக்கு ஜூன் தொடக்கத்தில் போயிருந்தால், வரப்போகிற நெருக்கடிக்குக் கை தேவைப்பட்டு, உட்கார வைத்துப் பேசியிருப்பார்கள். உங்கள் ஷீட்டில் A நெடுவரிசையை வரிசைப்படுத்தி, 14-க்கும் 20-க்கும் நடுவில் அனுப்பியவை எத்தனை என்று பாருங்கள். அந்த வரிகளின் மௌனத்தைக் கடிதத்தின் தலையில் ஏற்றாதீர்கள். அதே இடங்களுக்கு 22-ஆம் தேதிக்கு மேல் இன்னொரு முறை போகலாம், அதற்குப் புது வரி போடுங்கள்.

நேர்காணலுக்கு வருவோம். அந்தத் தங்கையின் ஐந்து பதில்களில் மூன்று நேர்காணல் ஆயின, வேலை ஒன்றும் ஆகவில்லை. இந்த இடத்தில் கடிதத்தைத் திருத்திக்கொண்டு உட்காருவது நேர விரயம். கடிதம் தன் வேலையைச் செய்து அவளை நாற்காலி வரை கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. அவள் I நெடுவரிசையில், ஒவ்வொரு நேர்காணல் முடிந்ததும் பஸ் ஏறுவதற்கு முன்பே, பதில் சொல்ல முடியாத கேள்வியை எழுதி வைத்திருக்கிறாள். மூன்றில் இரண்டு இடத்தில் கேட்டது ஒரே கேள்வி: ஜிஎஸ்டிஆர்-2பி-யில் ஒரு பில் வரவில்லை, கொள்முதல் புத்தகத்தில் இருக்கிறது, என்ன செய்வீர்கள்? விற்பனைப் பக்கம் மட்டும் பார்த்த அவளுக்குக் கொள்முதல் பக்கம் தெரியாது. விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் அந்த பில்லைக் காட்டாவிட்டால் வாங்கியவரின் 2பி-யில் அது வராது, வராததற்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, விற்றவரைக் கூப்பிட்டுப் பதியச் சொல்ல வேண்டும். அவள் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். அந்த அரிசி மண்டிக்கே திரும்பிப் போய், அவர்களுடைய ஒரு மாதக் கொள்முதலை 2பி-யோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பழகினால் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு அந்த வேலையும் கடிதத்தின் முதல் வரிக்குப் போகும், அதற்கு க3 என்று எண் கொடுக்கலாம்.

அரசு வேலைக்கும் சேர்த்து முயல்கிறவர்கள் அவற்றை இந்த ஷீட்டில் கலக்காதீர்கள். அங்கே கடிதம் இல்லை, பதில் இல்லை, அறிவிக்கையும் தேர்வும் முடிவும்தான். கீழே ஒரு தனித் தாள் திறந்து, காலாவதித் தேதிகளை மட்டும் எழுதுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு ஐந்து ஆண்டு செல்லும். இந்த இரண்டு தேதிகளும் எப்போதும் கண்ணில் படும்படி மேலே இருக்கட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சிக் கட்டணம், சீருடைக்கு முன்பணம், ஆவணம் சரிபார்க்க 500 ரூபாய் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், அந்த வரியின் H-இல் 'பணம் கேட்டார்கள்' என்று எழுதி, அத்தோடு நிறுத்திவிடுங்கள். அந்த நிறுவனத்தின் பெயரையும் போன் எண்ணையும் அழிக்காமல் வைத்திருங்கள். அதே எண் மூன்று மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தின் பெயரில் உங்களைக் கூப்பிடலாம், ஷீட்டில் தேடினால் சிக்கிவிடும். எண்ணைப் பதியும்போது முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடியுங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருக்கிற சுழியத்தை ஷீட் விழுங்கிவிடும், தேடும்போது கிடைக்காது. ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் இந்த ஷீட்டில் ஒருபோதும் எழுதாதீர்கள். நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிற ஷீட்டாக இருந்தால், கூப்பிட்டவர்களின் சொந்த செல் எண்ணையும் நீக்கிவிட்டுப் பகிருங்கள். நெட் சென்டர் கணினியில் திறந்தால் எழுந்து வருமுன் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

ஷீட்டை அழகுபடுத்துவதில் நேரம் போக்க வேண்டாம். நிறம், வரைபடம், இருபது நெடுவரிசை எதுவும் தேவையில்லை. அனுப்பிய கையோடு அந்த வரியை அடித்துவிடுங்கள், ராத்திரி சேர்த்து எழுதலாம் என்று வைத்தால் வழியும் கடித எண்ணும் மறந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மொத்தத்தையும் பாருங்கள், வாரத்தின் நடுவில் திறந்து திறந்து பார்ப்பதால் எண்கள் மாறிவிடாது. 30 வரி சேரும்வரை கடிதத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். அதற்கு முன்னால் ஷீட் சொல்லக்கூடியது இரண்டே விஷயம்தான்: யாரைக் கேட்க வேண்டும், யாரிடம் என்ன சொன்னோம்.

வேலை உறுதியாகி, எழுத்தில் நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு, வடிகட்டிப் பார்த்து H வெறுமையாக இருக்கிற வரிகளை எடுங்கள். நேர்காணல் வரை வந்து முடிவு சொல்லாமல் இருப்பவர்கள் அதில் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும், வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று இரண்டு வரி அனுப்புங்கள். மதுரையில் கணக்குப் பிரிவுக்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரே ஆடிட்டரிடம் போகிறவர்கள். அந்த இரண்டு வரியையும் தேதியோடு I-யில் பதிந்துவிட்டு, ஷீட்டை மூடுங்கள், அழித்துவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து அனுபவத்தோடு அடுத்த வேலை தேடும்போது, இப்போது 0 என்று நிற்கிற தளத்தின் வரிகளைத்தான் முதலில் திறப்பீர்கள்.

அன்புடன்,
உங்கள் விண்ணப்பங்களைப் படித்த ஒரு பழைய கணக்கன்
மதுரை